அடியில் வைத்த ஒரு வட்டு

தச்சர் பலகையில் மூன்று கம்புக்குப் பதிலாக நான்கு கம்பு அடித்துக் கொண்டுவந்துவிட்டார். "மூன்று என்றுதானே சொன்னேன், அண்ணே?" என்றேன். "பலகை நீளமா இருந்துச்சு தம்பி, மூணு வச்சா வெறிச்சுன்னு கிடந்துச்சு. ஒண்ணு கூடுதலா இருந்தா என்ன கெட்டுப்போச்சு?" என்றார். கெட்டுத்தான் போகும். ஹனோய் கோபுரம் என்ற இந்த விளையாட்டின் கணக்கு முழுவதும் அந்த மூன்றில்தான் நிற்கிறது. ஆனால் தேக்குத் துண்டுகளைக் கடைந்து, நடுவில் துளை போட்டு, வழவழவென்று தேய்த்துக் கொடுத்த மனிதரிடம் அதற்கு மேல் பேச மனம் வரவில்லை. நான்காவது கம்பின் மேல் ஒரு பழைய கண்டன்ஸ்டு மில்க் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிட்டு வகுப்புக்கு எடுத்துப் போனேன்.

ரங்கூனில் எங்கள் பகுதிக் கோயில் மண்டபத்தில் ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறோம். எழுத்தும் வாசிப்பும் முடிந்ததும் கடைசி அரை மணி நேரம் கணக்கு. பலகையில் ஐந்து வட்டுகள். சிறியது குங்குமச் சிமிழின் மூடி அளவு, பெரியது டீக்கடைச் சாசர் அளவு. பெரியது அடியில், அதன்மேல் அடுத்தது என்று இடது கம்பில் கோபுரமாக இருக்கும். அந்தக் கோபுரம் அப்படியே வலது கம்புக்குப் போகவேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வட்டைத்தான் எடுக்கலாம், அதுவும் மேலே இருப்பதை மட்டும். சிறியதன் மேல் பெரியதை வைக்கக் கூடாது. விதி இவ்வளவுதான்.

முதலில் மூன்று வட்டு மட்டும் கொடுத்தேன். சின்னது வலதுக்கு, நடுத்தரமானது நடுக் கம்புக்கு, சின்னது அதன் மேல். இப்போது வலது காலி. பெரியது வலதுக்கு. பிறகு சின்னது இடதுக்கு, நடுத்தரம் வலதுக்கு, சின்னது அதன் மேல். மொத்தம் ஏழு தடவை. இதை எல்லோரும் பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டார்கள். "சரி, நாலு வட்டுக்கு எத்தனை தடவை ஆகும்? தொடாமல் சொல்லுங்கள்" என்றேன். முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை யோசிக்கவே இல்லை. "ஒன்பது, சயா." ஆசிரியரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். எப்படி என்று கேட்டேன். "பழைய ஏழு இருக்குல்ல? புதுசா வர்ற ஒண்ணைத் தூக்கி வைக்க ரெண்டு."

இந்தப் பதிலைத் தப்பு என்று சட்டென்று தள்ளிவிட முடியாது. ஏனென்றால் அடியில் புதிதாக வைத்த பெரிய வட்டு கடைசிவரை ஒரே ஒரு தடவைதான் நகரப்போகிறது. ஒரு தடவை நகரும் ஒரு பொருளுக்காக மொத்த வேலை ஏன் ஏழிலிருந்து பதினைந்தாக ஏறவேண்டும்?

அந்தப் பெரிய வட்டு நகரும் ஒரு கணத்தை மட்டும் நிறுத்திப் பார்க்கவேண்டும். அது இடது கம்பிலிருந்து கிளம்புகிறது என்றால் அதன் தலையில் எதுவும் இருக்கக் கூடாது. போய் உட்காரும் கம்பிலும் எதுவும் இருக்கக் கூடாது, ஏனென்றால் மற்ற எல்லா வட்டும் அதைவிடச் சிறியவை. அப்படியானால் மீதி மூன்று வட்டும் எங்கே இருக்கும்? மிச்சம் இருப்பது ஒரே கம்பு. மூன்றும் அதில்தான் இருந்தாகவேண்டும். ஒரே கம்பில் மூன்று வட்டு இருந்தால் அவை அளவு வரிசையில்தான் இருக்க முடியும், அதாவது முழுக் கோபுரமாக. ஆகவே பெரியதை அசைக்கும் முன் மூன்று வட்டுக் கோபுரம் ஒன்றை முழுவதாக நடுக் கம்பில் கட்டியாகவேண்டும். அதற்கு ஏழு. பெரியது நகர ஒன்று. நடுவில் நிற்கும் கோபுரத்தை மறுபடி முழுவதாக வலதுக்குக் கொண்டுபோக இன்னொரு ஏழு. ஏழும் ஒன்றும் ஏழும் பதினைந்து.

இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுக்கும் பலர் "மேலே உள்ளதை நடுவுக்கு மாற்று, பெரியதை நகர்த்து, திரும்ப மேலே ஏற்று" என்று வழியைச் சொல்லிவிட்டு, "ஆகவே இரண்டு மடங்கு" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதாது. அது ஒரு வழியில் பதினைந்து ஆகும் என்றுதான் காட்டுகிறது. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று பன்னிரண்டில் முடித்துவிட்டால்? முடியாது என்பதற்குக் காரணம் மேலே சொன்ன அந்தக் கணம்தான். எந்த வழியில் ஆடினாலும் பெரிய வட்டு முதன்முதலாக அசையும் நேரம் ஒன்று உண்டு. அதற்கு முன் சின்னக் கோபுரம் முழுதாக இடம் மாறியிருக்கும். பெரிய வட்டு கடைசியாக அசையும் நேரமும் ஒன்று உண்டு. அதற்குப் பின் சின்னக் கோபுரம் இன்னொரு தடவை முழுதாக இடம் மாறும். பெரியதை அவசரப்பட்டு நடுவுக்கும் வலதுக்குமாக அலையவிட்டால் எண்ணிக்கை கூடுமே தவிர இந்த இரண்டு பயணமும் குறையாது. சின்ன வட்டுகளுக்குப் பெரிய வட்டு அடியில் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான், அது வெறும் தரை. ஆகவே சின்னக் கோபுரத்தின் செலவு பழைய ஏழிலிருந்து கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

n வட்டுக்கு ஆகும் குறைந்தபட்ச எண்ணிக்கையை T(n) என்று வைத்தால் இதை ஒரே வரியில் எழுதிவிடலாம்:

T(n) = 2·T(n − 1) + 1

ஒரு வட்டுக்கு 1, அப்புறம் 3, 7, 15, 31. இரண்டு மடங்கு என்று சொல்லிவிட்டு இந்த ஒட்டு ஒன்று ஏன் என்று ஒரு பையன் முறைத்தான். நியாயமான முறைப்பு. அவனுக்குப் படம் பிடிக்கிற மாதிரி சொன்னேன். ஆட்டம் தொடங்கும் முன் பலகையை ஒரு போட்டோ எடு. ஒவ்வொரு தடவை நகர்த்திய பிறகும் ஒன்று எடு. மூன்று வட்டுக்கு ஏழு நகர்த்தல் என்றால் போட்டோ எட்டு. நான்காவது வட்டு அடியில் வந்த பிறகு என்ன ஆகும்? பெரியது இடதில் இருக்கும்போது சின்னக் கோபுரத்தின் எட்டுக் கோலமும் ஒருமுறை. பெரியது வலதில் இருக்கும்போது இன்னொரு எட்டு. மொத்தம் பதினாறு போட்டோ, சரியாக இரண்டு மடங்கு. நகர்த்தல் என்பது போட்டோக்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி. பதினாறு தந்திக் கம்பத்துக்கு நடுவே பதினைந்து இடைவெளிதானே? ஆக n வட்டுக்குப் போட்டோ 2ⁿ, நகர்த்தல் 2ⁿ − 1.

இதற்குள் பின்வரிசையில் இரண்டு பேர் நாலு வட்டை ஆடி முடித்துவிட்டார்கள். ஒருவன் கணக்கு பத்தொன்பது. இன்னொருவன் சரியாகப் பதினைந்து, ஆனால் கோபுரம் நடுக் கம்பில் நிற்கிறது. இரண்டாமவன் அழாத குறை. எங்கேயும் தப்பவில்லையே என்றான். உண்மையில் ஒரே இடத்தில்தான் தப்பினான், முதல் அசைவில். மூன்று வட்டு ஆடிய பழக்கத்தில் சின்னதை வலதுக்கு எடுத்துவிட்டான். நாலு வட்டு வலதுக்குப் போகவேண்டும் என்றால் அதன்மேல் உள்ள மூன்று நடுவுக்குப் போகவேண்டும். மூன்று நடுவுக்குப் போக அதன்மேல் உள்ள இரண்டு வலதுக்கு. இரண்டு வலதுக்குப் போகச் சின்னது நடுவுக்கு. ஒவ்வொரு வட்டு ஏறும்போதும் திசை மாறிக்கொண்டே வரும். வட்டு ஒற்றைப்படை என்றால் சின்னது நேராகச் சேரவேண்டிய கம்புக்கு, இரட்டைப்படை என்றால் மற்ற கம்புக்கு.

பத்தொன்பது போட்டவனின் கதை வேறு. அவனை மறுபடி ஆடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு இடத்தில் சிமிழ் மூடியை நடுவில் வைத்தான், ஒரு நொடி யோசித்தான், அதையே எடுத்து வலதுக்கு மாற்றினான். ஒரே வட்டை அடுத்தடுத்து இரண்டு தடவை தொட்டால் ஒரு தடவை வீண், நேராக வலதுக்கே வைத்திருக்கலாம். சரி, சின்னதைத் தொடாமல் மற்றவற்றை அடுத்தடுத்து இரண்டு தடவை நகர்த்தினால்? அதுவும் வீண்தான். சின்னது ஒரு கம்பின் தலையில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கம்பு பூட்டிய மாதிரி. மீதி இரண்டு கம்புக்குள் ஒரே ஒரு நகர்த்தலுக்குத்தான் வழி உண்டு, இரண்டு தலைகளில் சிறியது பெரியதன் மேல் போகலாம். அதைச் செய்த பிறகு அடுத்ததாகச் செய்யக்கூடியது அதையே திரும்ப எடுப்பதுதான். ஆகவே வீணில்லாத ஆட்டத்தில் சின்ன வட்டு ஒன்றுவிட்டு ஒன்று நகர்ந்துகொண்டே இருக்கும். சின்னது, வேறொன்று, சின்னது, வேறொன்று. இந்தத் தாளம் எங்கே தட்டுகிறதோ அங்கே தப்பு. பிள்ளை ஆடும்போது நான் எண்ணுவதில்லை, சிமிழ் மூடியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்தத் தாளத்திலேயே இரட்டிப்புக்கு இன்னொரு காரணம் ஒளிந்திருக்கிறது, எனக்கு முதல் காரணத்தைவிட இது பிடிக்கும். புது வட்டை அடியில் வைக்காமல் எல்லாவற்றுக்கும் மேலே, இருப்பதிலேயே சின்னதாக வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். பழைய மூன்று வட்டும் அவற்றின் ஏழு நகர்த்தலைச் செய்துதான் ஆகவேண்டும், அதில் சலுகை இல்லை. புதுச் சின்னது என்ன செய்யும்? தலையில் இருப்பதால் முதலில் அது வழிவிட வேண்டும். பிறகு அந்த ஏழில் ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு தடவை விலக வேண்டும். கடைசியில் கோபுரத்தின் உச்சியில் ஏறி உட்கார ஒரு தடவை. ஏழு சம்பவத்தைச் சுற்றி எட்டு இடைவெளி, முன்னாலும் பின்னாலும் சேர்த்து. ஏழும் எட்டும் பதினைந்து. கல்யாண வீட்டில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், ஆள் வரும்போதெல்லாம் எழுந்து வழிவிடுவாரே, அந்த நிலைமைதான் சின்ன வட்டுக்கு.

நாலு வட்டு ஆட்டத்தை வட்டுவாரியாக எண்ணிப் பார்த்தால் அதே கணக்கு வேறு முகத்தில் தெரியும். பெரியது 1, அதற்கு மேலே உள்ளது 2, அடுத்தது 4, சின்னது 8. கூட்டினால் 15. சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு மணி, அடுத்ததுக்கு இரண்டு, அதற்கடுத்ததுக்கு நாலு என்று நெல் கேட்டு ராஜாவைத் திணறவைத்த கதை வீட்டுக்கு வீடு உண்டு. அந்தக் கட்டங்களும் இந்த வட்டுகளும் ஒன்றே. அறுபத்து நான்கு கட்டத்துக்கு ஆகும் நெல்மணியும், அறுபத்து நான்கு வட்டுக்கு ஆகும் நகர்த்தலும் கடைசி இலக்கம் வரை ஒரே எண்: 18,446,744,073,709,551,615.

அறுபத்து நான்கு வட்டு எங்கிருந்து வந்தது என்றால், அது விற்பனைக்காகக் கட்டிய கதை. இந்தப் பொம்மை 1883-ல் பிரான்சில் எட்டு வட்டோடு "ஹனோய் கோபுரம்" என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கண்டுபிடித்தவர் சியாம் நாட்டு என். கிளாஸ் என்று போட்டிருந்தது. அப்படி ஒரு ஆள் கிடையாது. எதுவார் லூக்கா என்ற கணித ஆசிரியர் ஆமியேன் ஊர்க்காரர். பிரெஞ்சில் "ஆமியேன் லூக்கா" என்று எழுதினால் வரும் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு அந்தச் சியாம்காரரைப் படைத்தார். அந்த வருடம் ஹனோய் பக்கம் பிரெஞ்சுப் படை சண்டையில் இருந்ததால் பாரிஸில் அந்த ஊர்ப் பெயர் எல்லோர் வாயிலும் இருந்தது. அதோடு ஒரு கதையும் சேர்ந்துகொண்டது: காசிக் கோயிலில் மூன்று வைர ஊசிகள், அறுபத்து நான்கு பொன் தட்டுகள், பூசாரிகள் இரவும் பகலும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், மாற்றி முடிந்தால் உலகம் முடியும். எங்கள் வகுப்பில் இதைச் சொன்னதும் ஒருவன், "காசி இல்ல சயா, ஏதாவது பகோடாவா இருக்கும்" என்றான். ஊர் முழுக்கத் தங்க முலாம் பூசிய கோபுரம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அப்படித்தான் தோன்றும். இரண்டும் இல்லை, கதையின் ஊர் பாரிஸ்.

உலகம் முடியும் என்ற பேச்சில் மட்டும் கணக்கு சுத்தம். நொடிக்கு ஒன்று என்று கை ஓயாமல் நகர்த்தினால் எட்டு வட்டுக்கு 4 நிமிடம் 15 நொடி. பத்து வட்டுக்குப் பதினேழு நிமிடம், ஒரு பானைச் சோறு வடிக்கிற நேரம். இருபது வட்டுக்குப் பன்னிரண்டு நாள். முப்பதுக்கு 34 வருடம். அறுபத்து நான்குக்குச் சுமார் 58,454 கோடி வருடம். பிரபஞ்சத்தின் இப்போதைய வயது ஏறக்குறைய 1,380 கோடி. இதில் பார்க்கவேண்டியது கடைசி எண்ணின் பூதாகாரம் இல்லை. அறுபத்து மூன்று வட்டோடு நிறுத்தியிருந்தால் பாதிதான் ஆகியிருக்கும், மற்ற பாதி முழுவதும் அடியில் இருக்கும் ஒரே ஒரு தட்டுக்காக. அந்தத் தட்டோ ஒரே ஒரு தடவை நகர்கிறது.

இவ்வளவும் சொல்லி முடித்து டீக்கு எழுந்தேன். திரும்பி வந்தால் மில்க் டப்பா தரையில் கிடக்கிறது, நான்கு கம்பும் வெளியே. ஒன்பது என்று சொன்ன பெண்பிள்ளை நாலு வட்டோடு உட்கார்ந்திருந்தாள். "சயா, ஒன்பதுதான் வருது."

ஆடிக் காட்டச் சொன்னேன். கோபுரம் முதல் கம்பில், போகவேண்டியது நான்காவதுக்கு. சின்னது மூன்றாவதுக்கு, அடுத்தது இரண்டாவதுக்கு, சின்னது அதன் மேல். இரண்டு வட்டும் இரண்டாவது கம்பில் ஓரமாக ஒதுங்கிவிட்டன, ஆனது மூன்று. இனி அவற்றைத் தொடாமல் மீதி மூன்று கம்பில் பெரிய இரண்டும்: ஒன்று மூன்றாவதுக்கு, அடிவட்டு நான்காவதுக்கு, மற்றது அதன் மேல். இன்னொரு மூன்று. கடைசியாக ஒதுங்கியிருந்த ஜோடி மேலே ஏற மூன்று. அவள் ஏமாற்றவில்லை, ஒன்பதேதான்.

பதினைந்துக்குக் குறையவே முடியாது என்று அடித்துச் சொன்ன என் வாதம் எங்கே நழுவியது? அதே கணத்தில்தான். பெரிய வட்டு நகரும்போது அதன் கம்பு காலி, சேரும் கம்பும் காலி, மிச்சம் ஒரே கம்பு என்றேன். இப்போது மிச்சம் இரண்டு கம்பு. மற்ற மூன்று வட்டும் ஒரே கோபுரமாக நெருக்கியடித்து நிற்கவேண்டிய கட்டாயம் இல்லை. அவள் ஆட்டத்தில் அந்த நேரத்தில் இரண்டு வட்டு ஒரு கம்பிலும் ஒன்று இன்னொரு கம்பிலுமாகப் பிரிந்து நின்றன. முழுக் கோபுரத்தை இரண்டு முறை கட்டவேண்டிய நிர்ப்பந்தம் போனதும் இரட்டிப்பும் போய்விட்டது. வட்டுக்கும் விதிக்கும் அதில் பெரிய பங்கு இல்லை. இரட்டிப்பைக் கொண்டுவந்தது இட நெருக்கடிதான்.

நான்கு கம்பில் கணக்கு ஏறும் விதமே வேறு. 1, 3, 5, 9, 13, 17, 25, 33. ஒவ்வொரு வட்டுக்கும் கூடுவது எவ்வளவு என்று பாருங்கள்: இரண்டு இரண்டு, பிறகு நாலு நாலு நாலு, பிறகு எட்டுகள். கூடும் தொகை இரட்டிப்பாகிறதுதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் முன்னைவிட ஒரு வட்டு அதிகம் காத்திருந்து இரட்டிப்பாகிறது. எட்டு வட்டுக்கு மூன்று கம்பில் 255, நான்கு கம்பில் 33.

இந்த 33-ஐ டியூட்னி என்ற ஆங்கிலேயப் புதிர்க்காரர் 1907-லேயே, நான்கு முக்காலியும் எட்டுப் பாலாடைக்கட்டியுமாகப் புதிராகப் போட்டிருந்தார். எத்தனை வட்டை ஓரமாக ஒதுக்குவது, எத்தனையை மூன்று கம்பில் ஆடுவது என்று பார்த்துப் பிரிக்கும் முறையை 1941-ல் ஃப்ரேம், ஸ்டூவர்ட் என்ற இருவர் தனித்தனியாக எழுதினார்கள். அந்தப் பெண்பிள்ளை செய்ததும் அதுவே, இரண்டு ஒதுக்கி இரண்டு ஆடினாள். ஆனால் அதைவிடக் குறைவாக முடியாது என்பதை நிரூபிக்க ஆண்டுக்கணக்கு ஆனது. மூன்று கம்பில் நாலு வாக்கியத்தில் முடிந்த வாதம் இங்கே எடுபடவில்லை, ஏனென்றால் பெரியது நகரும் கணத்தில் மற்றவை எப்படி எப்படியோ பிரிந்து நிற்கலாம், ஒவ்வொரு பிரிவையும் தள்ளியாகவேண்டும். தியெரி பூஷ் என்ற பிரெஞ்சுக் கணிதர் 2014-ல்தான் நான்கு கம்புக்கு அதை முடித்தார்.

அடுத்த ஞாயிறு தச்சரே வகுப்புப் பக்கம் வந்தார். பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு இன்னொரு கம்பு அடித்துத் தரச்சொல்லிக் கெஞ்சினார்கள். பலகையின் ஓரத்தில் இடம் இருக்கிறதாம், அவர் பென்சிலால் குறிகூடப் போட்டுவிட்டார். "இதுக்கும் கணக்கு இருக்குல்ல தம்பி?" என்று என்னைக் கேட்டார். ஐந்து கம்புக்கும் அதே ஒதுக்கும் முறையில் ஆடலாம், எண்ணும் கிடைக்கும். ஆனால் எத்தனை வட்டு வைத்தாலும் அதைவிடக் குறைவாக முடியாது என்ற நிரூபணம் ஐந்து கம்புக்கு இன்னும் யாரிடமும் இல்லை என்றேன். "அப்ப அடிச்சிடவா?" என்றார்.